காசைச் சுண்டலாமா, சுழற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுண்டினாலும் சுழற்றினாலும் அதே காசுதானே? தலையா பூவா போட்டு முடிவெடுக்கச் சுண்டுவது நியாயம், சுழற்றுவது நியாயம் குறைவு என்று எப்படிச் சொல்ல முடியும்?

காசு அதேதான். அது சுற்றும் விதம்தான் வேறு.

கட்டைவிரலால் சுண்டிவிட்ட காசு காற்றில் புரள்கிறது. தலை மேலே, பூ மேலே, மறுபடி தலை மேலே என்று ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் மேல் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். எந்த நொடியில் கையில் பிடிபடுகிறதோ, அந்த நொடியில் மேலே இருந்த பக்கம்தான் விடை.

மேசையில் விளிம்பை ஊன்றி, பம்பரம்போலச் சுழற்றிவிட்ட காசைப் பாருங்கள். அதுவும் சுற்றுகிறது, சொல்லப்போனால் இன்னும் அதிக நேரம் சுற்றுகிறது. ஆனால் அந்தச் சுற்றில் தலையும் பூவும் மேலே கீழே மாறுவதே இல்லை. இரண்டு பக்கமும் பக்கவாட்டில் பார்த்தபடி, ஒரு தடவை உங்களைப் பார்க்கும், அடுத்து எதிரில் இருப்பவரைப் பார்க்கும். நூறு சுற்று சுற்றினாலும் "எந்தப் பக்கம் மேலே?" என்ற கேள்விக்கு ஒரு விடையும் உருவாகவில்லை. அது கடைசியில், காசு தளர்ந்து சாயும் தறுவாயில்தான் முடிவாகிறது. அதுவும் ஒரே ஒரு தடவை. அந்த நேரத்தில் காசின் உடம்பில் இருக்கும் சின்னக் கோணல் எதுவானாலும் விடையில் புகுந்துவிடும்.

சுழலும் காசு கண்ணுக்கு மங்கலான பந்துபோலத் தெரிவதால், அது நன்றாகக் கலைவதாக நாம் நம்பிவிடுகிறோம். கலைவது திசை மட்டும்தான், பக்கம் கலைவதில்லை.

ஒரு பக்கம் கனம் கூடுதலாக இருந்தால், சுண்டும்போதும் அந்தப் பக்கம்தானே கீழே வரும்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் காற்றில் இருக்கும் பொருளுக்குக் கனமான பக்கம் என்பது கீழே இழுக்கும் பக்கம் அல்ல.

புவியீர்ப்பு காசின் எல்லாத் துகள்களையும் ஒரே முடுக்கத்தோடு இழுக்கிறது. தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாதபோது, அந்த இழுப்பு காசை மொத்தமாகக் கீழே கொண்டுவருமே தவிர, அதைத் திருப்பாது. திருப்ப வேண்டுமானால் நிறை மையத்துக்கு அப்பால் எங்காவது ஒரு தாங்கல் வேண்டும். தராசுத் தட்டு சாய்வதற்குக்கூட நடுவில் ஒரு முள் தாங்கிக்கொண்டிருப்பதுதான் காரணம். சுண்டிய காசுக்கு அப்படி எதுவும் இல்லை. அது தன் நிறை மையத்தைச் சுற்றி, கையை விட்டபோது கிடைத்த வேகத்திலேயே புரண்டுகொண்டிருக்கும். நிறை மையம் தலைப்பக்கம் சற்றுத் தள்ளியிருந்தாலும் தலை மேலே இருக்கும் நேரமும் பூ மேலே இருக்கும் நேரமும் மாறாது. காற்றின் உராய்வு உண்டுதான், ஆனால் அரை விநாடிப் பயணத்தில் அதனால் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது.

இதைப் புள்ளியியல் வகுப்புகளில் காட்ட ஆண்ட்ரூ கெல்மன், டெபோரா நோலன் என்ற இருவர் 2002-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பகடையைக் கோணலாக்கலாம், சுண்டும் காசைக் கோணலாக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். காசை வளைத்தாலும் சரி, ஒரு பக்கம் களிமண் அப்பினாலும் சரி, நன்றாகப் புரளும்படி சுண்டிக் கையில் பிடித்தால் ஏறத்தாழப் பாதிக்குப் பாதிதான். அதே காசை மேசையில் சுழற்றினால் கதையே வேறு.

மேசையில் அப்படி என்ன மாறிவிடுகிறது?

மேலே சொன்ன தாங்கல் வந்துவிடுகிறது. காசின் விளிம்பு தரையைத் தொடும் இடத்தில் மேசை அதை மேல்நோக்கித் தாங்குகிறது. நிறை மையம் அந்த இடத்துக்கு நேர் மேலே இருந்தால் காசு நிற்கும். மயிரிழை தள்ளியிருந்தால் அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். காற்றில் இல்லாத திருப்புவிசை இங்கே எந்நேரமும் இருக்கிறது.

வேகமாகச் சுழலும்வரை அது வேலை செய்ய முடியாது. சுழற்சி காசை நிமிர்த்தி வைத்திருக்கும். வேகம் குறையக் குறைய ஒரு கட்டத்தில் அந்தப் பிடி விட்டுப்போகும். மெல்லிய, சீரான வட்டத் தகடு ஒன்று வழுக்காமல் நின்று சுழல்வதாக வைத்துக்கொண்டால், நிமிர்ந்து நிற்பதற்கான எல்லை இது:

```
Ω² = 4g / (5a)
```

இதில் `a` என்பது ஆரம், `g` புவியீர்ப்பு முடுக்கம், `Ω` சுழற்சி வேகம். ஆரம் 12 மி.மீ. என்று போட்டால் விநாடிக்கு சுமார் 4 சுற்று வரும். தரை முழுக்க வழுக்கும் என்று வைத்தால் அதே காசுக்கு எல்லை விநாடிக்கு சுமார் 9 சுற்று. உண்மையான மேசை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். விரலால் சுழற்றிவிடும் வேகம் இதைவிட அதிகம் என்பதால்தான் காசு முதலில் நிமிர்ந்து நின்று சுற்றுகிறது.

எல்லைக்குக் கீழே போனதும் எந்தப் பக்கம் இம்மியளவு சாய்ந்திருக்கிறதோ அந்தச் சாய்வு தானாகப் பெருகத் தொடங்கும். அப்புறம் காசு தள்ளாடி, வட்டமடித்து, கடகடவென்று ஒலி ஏறிக்கொண்டே போய் டப்பென்று படுக்கும். கேட்கவும் பார்க்கவும் சுவாரசியமான அந்தக் கடைசிக் கட்டத்தில் முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது முடிந்துபோன ஆட்டத்தைத்தான்.

காசுகளை இயந்திரத்தில்தானே அடிக்கிறார்கள்? அவ்வளவு துல்லியமாகச் செய்ததில் கோணல் எங்கிருந்து வரும்?

இரண்டு பக்கமும் ஒரே உருவம் இல்லை என்பதே முதல் கோணல். ஒரு பக்கம் முகம் புடைத்திருக்கும், மறுபக்கம் எழுத்தும் எண்ணும் இருக்கும். இரண்டிலும் உலோகம் ஒரே அளவில் மேடேறியிருக்க வாய்ப்பில்லை. அதனால் நிறை மையம் தடிமனின் சரிபாதியில் இருக்காது.

இதைவிடக் கவனிக்கப்படாதது விளிம்பு. தட்டையான உலோக வில்லையை ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் அச்சுகளால் அழுத்துகிறார்கள். வளையத்தை ஒட்டி வரும் விளிம்பின் இரண்டு ஓரங்களும் ஒரே கூர்மையில் அமைய வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு ஓரம் சற்று மழுங்கியிருந்தால், காசு ஊன்றி நிற்கும் இடம் நடுவில் இல்லாமல் மற்ற ஓரத்துக்கு நகரும். நிறை மையம் சரியாக நடுவில் இருந்தாலும் இப்போது அது ஊன்றிய இடத்துக்கு மேலே இல்லை. காசு மழுங்கிய ஓரத்தின் பக்கம் சாயும். புழக்கத்தில் தேய்ந்த காசு புதுக்காசுபோலவே நடந்துகொள்ளும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

கோணலைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமா? ஜாடி மூடி ஒன்றை எடுத்து விளிம்பில் சுழற்றிப் பாருங்கள். மூடிய பக்கத்தில்தான் அதன் எடை இருக்கிறது. அதனால் மூடிய பக்கம் கீழே, திறந்த பக்கம் மேலே என்று படுக்கப் பார்க்கும். காசும் அப்படித்தான், கொஞ்சம் கூச்ச சுபாவமுள்ள ஜாடி மூடி.

அப்படியானால் சுழற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் விழ வேண்டுமே? என் காசு இரண்டு பக்கமும் விழுகிறது.

விழும். ஏனென்றால் கோணல் தனியாக ஆடுவதில்லை, கையின் தடுமாற்றமும் கூடவே ஆடுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நிறை மையம் நடுவிலிருந்து தலைப்பக்கம் 0.01 மி.மீ. தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் 12 மி.மீ. அப்படியானால் அந்தக் காசு சமநிலையில் நிற்கும் நிலை செங்குத்து அல்ல, பூப்பக்கமாக சுமார் 0.05 பாகை சாய்ந்த நிலை. செங்குத்தாக நின்றால் தலைப்பக்கமாகச் சாயப் பார்க்கும். அது பூப்பக்கமாகச் சாய வேண்டுமானால், சாயத் தொடங்கும் நொடியில் அந்த 0.05 பாகையைத் தாண்டி மறுபக்கம் இருக்க வேண்டும்.

விரலை விடும்போது ஏற்படும் ஆட்டம், மேசையின் சொரசொரப்பு, அதிர்வு இவையெல்லாம் காசை அதைவிட அதிகமாகவே அசைக்கக்கூடும். அவை அதிகமானால் கோணல் அதில் மூழ்கிப்போய் விடை பாதிக்குப் பாதியை நெருங்கும். கண்ணாடி மேல் நிதானமாக, நிமிர்த்தி, நீண்ட நேரம் சுற்றும்படி சுழற்றினால் தொடக்க ஆட்டம் அடங்கிவிடும், கோணலின் குரல் கேட்கும். ஆக, நன்றாகச் சுழற்றத் தெரிந்தவர் கையில்தான் நியாயம் அதிகம் கெடும். சுண்டுவதில் இது நேர்எதிர்: எவ்வளவு உயரம், எவ்வளவு வேகமோ அவ்வளவு நல்லது.

ஒரே நாட்டின் ஒரே வகைக் காசுக்குக்கூட ஆளாளுக்கு வேறு விழுக்காடு சொல்வதற்கும் இதுவே காரணம். அமெரிக்க ஒரு சென்ட் காசைச் சுழற்றினால் 80 விழுக்காடு வரை பூ விழும் என்று கணிதவியலாளர் பெர்சி டயகோனிஸ் சொன்னதாக ஒரு செய்தி பரவலாக உலவுகிறது. உங்கள் கையில் இருக்கும் சென்ட்டுக்கும் அந்த எண் பொருந்தும் என்று பந்தயம் கட்டிவிடாதீர்கள்.

பெல்ஜியத்தின் யூரோ காசு கோணல் என்று நிரூபித்துவிட்டார்களாமே?

2002 சனவரியில் யூரோ காசுகள் புழக்கத்துக்கு வந்தவுடனே கிளம்பிய கதை இது. போலந்தில் புள்ளியியல் கற்பிக்கும் இருவர் மாணவர்களோடு சேர்ந்து பெல்ஜியத்தின் ஒரு யூரோ காசை 250 தடவை சோதித்தார்கள். 140 தடவை தலை, அதாவது மன்னர் இரண்டாம் ஆல்பர்ட்டின் முகம் விழுந்தது. 56 விழுக்காடு. விளையாட்டுப் போட்டிகளில் காசு சுண்டினால் என்ன ஆகும் என்றெல்லாம் பேச்சு எழுந்தது.

இதில் இரண்டு விஷயங்கள் விடுபட்டுப்போயின. முதலாவது, அவர்கள் காசைச் சுண்டவில்லை, மேசையில் சுழற்றினார்கள். அந்த எண்ணை வைத்துச் சுண்டுவதைப் பற்றிப் பேசவே முடியாது.

இரண்டாவது, 250-க்கு 140 என்பது கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். கோணலே இல்லாத காசில் எதிர்பார்ப்பது 125. வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவு, அதாவது திட்ட விலக்கம், 250-ன் வர்க்கமூலத்தில் பாதி: சுமார் 7.9. நமக்கு வந்த விலகல் 15, திட்ட விலக்கத்தைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. கோணலற்ற காசிலேயே இவ்வளவு அல்லது இதைவிட அதிகமான விலகல், ஏதாவது ஒரு பக்கமாக, நூற்றுக்கு ஆறேழு தடவை வரும். சந்தேகப்படலாம், தீர்ப்பு எழுத முடியாது.

எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. முகம் புடைத்திருப்பதால் தலைப்பக்கம் கனம், அதனால் தலை விழுந்தது என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. தலைப்பக்கம் கனம் என்றால் அது கீழே போய்ப் பூ அல்லவா மேலே வர வேண்டும்! அந்த 56 விழுக்காடு உண்மையான கோணலாக இருந்தால் காரணத்தை விளிம்பில் தேடுவதுதான் முறை.

சரி, சுண்டுவது மட்டும் அச்சு அசலாகப் பாதிக்குப் பாதியா?

இல்லை. ஆனால் அதன் கோணல் வேறு இனம்.

முதலில் அது ஏன் கிட்டத்தட்டச் சரி என்று பார்ப்போம். காசு 30 செ.மீ. மேலே போய் அதே உயரத்துக்குத் திரும்ப சுமார் அரை விநாடி ஆகும். விநாடிக்கு 40 சுற்று புரள்கிறது என்று வைத்தால், கையில் விழுவதற்குள் 20 சுற்று, அதாவது 40 அரைச் சுற்று. ஒரே ஒரு அரைச் சுற்று கூடினாலோ குறைந்தாலோ விடை மாறிவிடும். வேகத்தில் 2.5 விழுக்காடு வித்தியாசம் போதும் அதற்கு. கட்டைவிரலை அந்த அளவுக்குக் கட்டுப்படுத்துவது சாதாரண ஆளால் ஆகாத காரியம். கணிதவியலாளர் ஜோசப் கெல்லர் 1986-ல் இதைக் கணிதமாகவே காட்டினார்: வேகம் கூடக் கூட விடை பாதிக்குப் பாதியை நோக்கிப் போகும்.

கெல்லரின் கணக்கில் காசு தன் விட்டத்தைச் சுற்றிச் சுத்தமாகப் புரளும். நிஜக் கை அப்படி விடுவதில்லை, காசு கொஞ்சம் தள்ளாடிக்கொண்டே புரளும். தள்ளாட்டம் இருந்தால், தொடங்கும்போது மேலே இருந்த பக்கம் காற்றிலும் சற்றுக் கூடுதல் நேரம் மேலே இருக்கும். டயகோனிஸ், சூசன் ஹோம்ஸ், ரிச்சர்ட் மான்ட்கோமரி மூவரும் 2007-ல் இதைக் கணக்கிட்டு, தொடங்கிய பக்கமே விழும் வாய்ப்பு சுமார் 51 விழுக்காடு என்றார்கள். 2023-ல் ஃபிரான்டிஷெக் பார்டோஷ் தலைமையில் ஒரு பெரிய குழு உட்கார்ந்து 3,50,757 தடவை சுண்டிப் பார்த்தது. தொடங்கிய பக்கம் விழுந்தது 50.8 விழுக்காடு. தலையா பூவா என்று மட்டும் எண்ணினால் எந்தச் சாய்வும் தென்படவில்லை.

சுண்டும் முன் எந்தப் பக்கம் மேலே என்று மறைத்துவிட்டால் அந்த 51 போய்விடும் இல்லையா? சுழற்றுவதையும் அப்படிச் சரிசெய்யலாமே?

சுண்டுவதற்கு அது சரியான மருந்து. அந்தக் கோணல் தொடக்க நிலையில் ஒட்டியிருக்கிறது. தொடக்கத்தைப் பார்க்காமல் ஒருவர் "தலை" என்று சொன்னால் அவருக்கு எந்தச் சாதகமும் இல்லை.

சுழற்றுவதற்கு அது உதவாது. அங்கே கோணல் காசிலேயே இருக்கிறது. எந்தப் பக்கம் உங்களைப் பார்க்க நிறுத்தினாலும், கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தினாலும், பூ அதிகம் விழும் காசு பூவைத்தான் அதிகம் காட்டும். அதைப் பலமுறை சுழற்றிப் பார்த்தவருக்கு மட்டும் அந்த விஷயம் தெரிந்திருக்கும் என்பதுதான் உண்மையான ஆபத்து.

மேசை சமமாக இல்லாவிட்டால்?

அதனால் பக்கம் மாறாது. சரிவு ஒரே திசையில் இருக்கிறது, ஆனால் காசு சுற்றிக்கொண்டே இருப்பதால் தலையும் பூவும் மாறி மாறி அந்தத் திசையைப் பார்க்கின்றன. காசு உருண்டோடி எதிலாவது மோதும், அதுதான் தொல்லை.

சுண்டிய காசைத் தரையில் விழவிடலாமா?

கையில் பிடிப்பது மேல். தரையில் பட்டால் துள்ளும், சில நேரம் விளிம்பில் நின்று சுழலவும் ஆரம்பிக்கும். அப்படிச் சுழன்றுவிட்டால் இவ்வளவு நேரம் பேசிய சிக்கல் எல்லாம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

என் காசு எவ்வளவு கோணல் என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

ஒரு மாலைப் பொழுது போதும். கண்ணாடி அல்லது வழவழப்பான கல் பரப்பில் 100 தடவை சுழற்றுங்கள். எதையெல்லாம் கணக்கில் சேர்க்கமாட்டீர்கள் என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள்: மோதியது, கீழே விழுந்தது, இரண்டு விநாடிக்குள் படுத்தது, இப்படி. விழுந்த பிறகு "இது சரியான சுழற்சி இல்லை" என்று கழிக்கத் தொடங்கினால், நமக்குப் பிடித்த விடைதான் மிஞ்சும். நிறுத்தும்போது ஒரு தடவை தலை உங்களைப் பார்க்கட்டும், அடுத்த தடவை பூ. இல்லாவிட்டால் காசின் கோணலையும் உங்கள் விரலின் கோணலையும் பிரிக்க முடியாது.

100-க்குத் திட்ட விலக்கம் 5. ஒரு பக்கம் 55 வந்தால் அதில் செய்தி எதுவும் இல்லை. 60 வந்தால் இன்னொரு 100 சுழற்றத் தோன்ற வேண்டும். 65-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கோணல் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம், சரியான காசில் அது ஆயிரத்துக்கு மூன்று நான்கு தடவைதான் நடக்கும். அப்புறம் அதே காசை 100 தடவை சுண்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். சுழற்றும்போது தெரிந்த சாய்வு அங்கே காணாமல் போகும். சுண்டுவதில் இருக்கும் 50.8 இந்தச் சோதனையில் தெரியவே தெரியாது, அதைப் பிடிக்கப் பல்லாயிரக்கணக்கில் சுண்ட வேண்டும்.

சுண்ட வராது, பிடிக்கவும் வராது. சுழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் என்ன செய்வது?

கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் சொன்ன ஒரு எளிய வழி இருக்கிறது. காசை இரண்டு இரண்டு தடவையாகச் சுழற்றுங்கள். முதலில் தலை, பிறகு பூ என்றால் முதலாமவருக்கு வெற்றி. முதலில் பூ, பிறகு தலை என்றால் இரண்டாமவருக்கு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் அந்த ஜோடியைத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

பூ 70 விழுக்காடு விழும் மோசமான காசு என்றே வைத்துக்கொள்வோம். தலை-பூ வரும் வாய்ப்பு 0.3 × 0.7, அதாவது 0.21. பூ-தலை வரும் வாய்ப்பு 0.7 × 0.3, அதுவும் 0.21. எந்தக் காசாக இருந்தாலும் இந்த இரண்டும் சமம்தான், கோணல் எவ்வளவு என்று தெரிந்திருக்கவும் வேண்டாம். இதற்குக் கொடுக்கும் விலை நேரம். நூறு ஜோடியில் 58 வீணாகும், ஒரு முடிவுக்குச் சராசரியாக ஏறக்குறைய 5 தடவை சுழற்ற வேண்டியிருக்கும்.

ஒரு நிபந்தனை: இரண்டு தடவையும் ஒரே ஆள், ஒரே பரப்பில், ஒரே மாதிரி சுழற்ற வேண்டும். முதல் தடவை கண்ணாடியிலும் அடுத்தது துணி விரித்த மேசையிலும் என்றால் அந்தச் சமன்பாடு செல்லாது. இரண்டு 0.3-களும் ஒரே 0.3 ஆக இருந்தால்தான் கணக்கு நிற்கும். தலை-தலை விழுந்ததும் "இரண்டாவதை மட்டும் இன்னொரு தடவை சுழற்றலாமே" என்று யாராவது கேட்பார்கள். கூடாது, ஜோடி முழுதாகப் போக வேண்டும். இரண்டாவதை மட்டும் மாறும்வரை சுழற்றிக்கொண்டிருந்தால், முதலில் விழுந்ததே முடிவைத் தீர்மானித்துவிடும், பழைய 70-30 அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.